ஹைதராபாத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் சரிபார்க்க வேண்டியவை என்ன?

ஹைதராபாத்: நகரின் மேற்குப் புறநகரான அமீன்பூரில் 23 ஏக்கரில் பல மாடிக் குடியிருப்புக் கோபுரங்கள் எழும் என்று கூறி, சாஹிதி இன்ஃப்ராடெக் வென்ச்சர்ஸ் நிறுவனம் 2019-ம் ஆண்டு முதல் வீடுகளை முன்கூட்டியே விற்கத் தொடங்கியது. உரிய ஒப்புதல்கள் இல்லாமலேயே நூற்றுக்கணக்கானோரிடம் கோடிக்கணக்கான ரூபாய் திரட்டப்பட்டதாகப் புகார் எழுந்தது. அதன் நிர்வாக இயக்குநரை 2022 டிசம்பரில் ஹைதராபாத் காவல்துறை கைது செய்தது. பணமோசடி வழக்கில் 2024 செப்டம்பரில் அமலாக்கத்துறையும் அவரைக் கைது செய்தது.

இத்தகைய விற்பனை ஹைதராபாத்தில் 'ப்ரீ-லான்ச்' என்று அழைக்கப்படுகிறது. சதுர அடிக்கு சந்தை விலையை விடக் கணிசமாகக் குறைத்துத் தருவதாகச் சொல்லி, பெருந்தொகையை மொத்தமாகக் கேட்பதே இதன் வழக்கமான வடிவம். அந்தத் தள்ளுபடிக்கான காரணம் எளிமையானது. கட்டடத்துக்கு இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் போகும் அபாயத்தை, நிறுவனத்துக்குப் பதிலாக வாங்குபவர் சுமக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி, பதிவு செய்யப்படாத திட்டத்தை விளம்பரப்படுத்தவோ, அதில் முன்பதிவு பெறவோ, விற்கவோ கூடாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், 8 வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. மீறினால், திட்டத்தின் மதிப்பிடப்பட்ட செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

"ரெராவுக்கு விண்ணப்பித்துவிட்டோம், எண் விரைவில் வந்துவிடும்" என்று விற்பனைப் பிரதிநிதிகள் கூறுவது வழக்கம். விண்ணப்பம் வேறு, பதிவு வேறு. எண் வரும்வரை ஒரு ரூபாய் முன்பதிவுத் தொகை பெறுவதற்கும் நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது

தெலங்கானாவில் திட்டத்தின் பதிவு எண் P என்ற எழுத்திலும், முகவரின் பதிவு எண் A என்ற எழுத்திலும் தொடங்கும். விளம்பரத்தில் A எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தால், முகவர் பதிவு பெற்றிருக்கிறார் என்பதே அதன் பொருள். வீடு அமையும் திட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அடுத்து rera.telangana.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தேடித் திட்டத்தின் பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்குள்ள விவரங்களைக் கையில் உள்ள விளம்பரத் தாளுடன் வரிவரியாக ஒப்பிட வேண்டும். நிறுவனத்தின் பெயர், நிலத்தின் சர்வே எண்கள், கோபுரங்கள், மாடிகள், வீடுகளின் எண்ணிக்கை, கட்டி முடிக்க வேண்டிய தேதி ஆகியவை இதில் முக்கியம்.

இங்கே அடிக்கடி ஏமாற்றம் நேரும் இடம் ஒன்று உண்டு. முதல் கட்டத்துக்குப் பெற்ற எண்ணைக் காட்டி, பதிவு பெறாத இரண்டாம் கட்டத்தில் வீடு விற்பதுதான் அது. உதாரணமாக, உங்களுக்கு 'டி' கோபுரத்தின் 22-வது மாடியில் வீடு தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவுப் பக்கத்தில் ஏ, பி, சி என மூன்று கோபுரங்களும் 18 மாடிகளும் மட்டுமே இருக்கின்றன. எண் உண்மையானதுதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு அந்தப் பதிவு பொருந்தாது.

கட்டட அனுமதியில் மறைந்திருக்கும் அடமானம்

இடத்தைப் பொறுத்து மாநகராட்சியோ, ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையமான எச்எம்டிஏவோ கட்டட அனுமதி வழங்குகிறது. அனுமதி ஆணையின் நகலும், முத்திரையிட்ட வரைபடமும் ரெரா பக்கத்திலேயே பதிவேற்றப்பட்டிருக்க வேண்டும். அதில் உள்ள மாடி எண்ணிக்கையே சட்டப்படி செல்லும்.

தெலங்கானாவில் வாங்குபவர்கள் பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்று இருக்கிறது. வரைபடத்தை மீறிக் கட்டாமல் இருப்பதற்கான பிணையாக, கட்டடப் பரப்பில் 10 சதவீதம் வரை அனுமதி வழங்கும் அமைப்பிடம் அடமானம் வைக்கப்படும். குடியேற்றச் சான்றிதழ் கிடைக்கும்போதுதான் அந்தப் பகுதி விடுவிக்கப்படும். எனவே, நீங்கள் தேர்ந்தெடுத்த வீடு அடமானப் பட்டியலில் இருக்கிறதா என்பதை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். பதிவுத்துறை வழங்கும் வில்லங்கச் சான்றிதழிலும் இந்த அடமானமும், வங்கிக் கடனுக்காக நிலம் அடகு வைக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியவரும்.

ஏரி எங்கே முடிகிறது?

ஹைதராபாத்தைச் சுற்றி ஏரிகள் ஏராளம். ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது. 10 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஏரிகளுக்கு, அந்த எல்லையிலிருந்து மேலும் 30 மீட்டர் தூரம் இடைவெளியாக விடப்பட வேண்டும். 2024-ல் அமைக்கப்பட்ட ஹைட்ரா அமைப்பு, ஏரிகளிலும் அரசு நிலங்களிலும் எழுந்த ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்துவருகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அமீன்பூர் பகுதியிலும் இடிப்பு நடந்தது.

lakes.hmda.gov.in தளத்தில் ஏரிகளின் எல்லை வரைபடங்கள் உள்ளன. திட்டத்தின் சர்வே எண், அவற்றில் குறிக்கப்பட்ட சர்வே எண்களுள் ஒன்றாக இருந்தால், வழக்கறிஞரின் கருத்தைப் பெறாமல் பணம் கட்டக் கூடாது.

எவ்வளவு கட்டலாம்? யாருக்கு?

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பெறக் கூடாது என்கிறது ரெரா சட்டத்தின் 13-வது பிரிவு. 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இது 8 லட்சம் ரூபாய். அதற்கு மேல் கேட்டால், முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்படி சொல்லலாம்.

வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலம் மற்றும் கட்டுமானச் செலவுக்கே பயன்படுத்த வேண்டும். எனவே, தொகையைத் திட்டத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மூலம் செலுத்துவது நல்லது. முகவரின் சொந்தக் கணக்கையோ, குழுமத்தின் வேறொரு நிறுவனத்தின் கணக்கையோ கொடுத்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். ரசீதில் ரெரா எண்ணும் வீட்டு எண்ணும் இருக்க வேண்டும்.

'பிரிக்கப்படாத நிலப் பங்கை உங்கள் பெயரில் பதிந்து தருகிறோம்' என்ற வாக்குறுதியையும் எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும். அந்தப் பத்திரம் நிலத்தில் ஒரு சிறு பங்கைத் தருமே தவிர, எந்த மாடியில் எந்த வீடு என்ற உரிமையைத் தராது. கட்டடமே எழாவிட்டால், நூற்றுக்கணக்கான பங்குதாரர்களில் ஒருவராக மட்டுமே நிற்க நேரிடும்.

பதிவு ஓர் உத்தரவாதமா?

இல்லை. பதிவு பெற்ற திட்டமும் தாமதமாகலாம், நின்றும் போகலாம். ஆனால் அப்போது 18-வது பிரிவின்படி வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கவும், ஆணையத்தில் புகார் அளிக்கவும் வாங்குபவருக்கு வழி இருக்கும். அதற்கான ஆதாரம், முன்பணம் கட்டும் நாளிலேயே சேமித்துவைக்கும் ரெரா பக்கத்தின் நகலும், விளம்பரத் தாளும், ரசீதும்தான்.