ஒரே ஒரு கல்யாண ஆர்டர்

நண்பரின் ஆன்லைன் பலகாரக் கடைக்கு வாரச் சுருக்கம் அனுப்பும் ஸ்கிரிப்ட் நான் எழுதியது. ஒரு திங்கட்கிழமை அது இப்படிச் சொன்னது: "சராசரி ஆர்டர் 600 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்ந்தது." நண்பர் உடனே இலவச டெலிவரி வரம்பை 700லிருந்து 1,500 ஆக்கப் போனார். கொஞ்சம் பொறுங்க என்றேன்.

மொத்தம் 120 ஆர்டர், 2,40,000 ரூபாய். அதில் ஒன்று மட்டும் 1,73,360 ரூபாய், கல்யாணத்துக்கு. மீதி 119 ஆர்டரின் சராசரி 560 தான். அதாவது வழக்கமான வியாபாரம் உண்மையில் இறங்கியிருக்கிறது. விட்டிருந்தால் அடுத்த வாரம் "72% சரிவு" என்றும் பயமுறுத்தியிருக்கும்.

அந்த ஆர்டரை நீக்கலாமா? கூடாது, வந்த பணம் நிஜம். மொத்த விற்பனையில் அது இருக்கட்டும். சராசரியில் மட்டும் தனி வரியாகப் பிரித்தேன்.

எது "பெரிய ஆர்டர்"? முதலில் மூன்று திட்டவிலக்கம் தாண்டினால் என்று வைத்தேன். தினசரிச் சுருக்கத்தில் அது வேலை செய்யவில்லை. பெரிய ஆர்டர் திட்டவிலக்கத்தையும் சேர்த்தே வீங்க வைக்கிறது. பத்து ஆர்டருக்குள் இருந்தால், ஒன்று கோடி ரூபாயாக இருந்தாலும் மூன்றைத் தாண்டவே முடியாது. கணக்கே அப்படி.

இப்போது விதி: முந்தைய எட்டு வார இடைநிலை மதிப்பின் பத்து மடங்கைத் தாண்டினால் மொத்த ஆர்டர். நடப்பு வாரம் அந்தக் கணக்கில் சேராது. இடைநிலை என்பது வரிசையில் நடுவில் நிற்கும் ஆர்டர். ஓரத்தில் ஒன்று எவ்வளவு பெரிசானாலும் அது அசையாது.

மாதாமாதம் கல்யாண ஆர்டர் வர ஆரம்பித்தால்? அப்போ அது விதிவிலக்கு இல்லை, இன்னொரு வியாபாரம். அதற்குத் தனிச் சுருக்கமே வேணும்.