திரை நொறுங்கிய போனிலிருந்து படங்களை மீட்பது எப்படி?

கீழே விழுந்து திரை நொறுங்கிய போனில் அழைப்பு மணி அடிக்கிறது, சார்ஜ் போட்டால் அதிர்கிறது என்றால், உள்ளே இருக்கும் படங்களும் தொலைபேசி எண்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கின்றன. அவை இருப்பது மதர்போர்டில் பற்றவைத்த நினைவகச் சில்லில். திரை அந்த போர்டில் ஒரு மெல்லிய பட்டையால் செருகப்பட்ட தனி உறுப்பு. ஆனாலும் கேபிளைக் கணினியில் செருகினால் காலி ஃபோல்டர்தான் தெரியும். எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறிப்போய் 'டேட்டா ரெக்கவரி' மென்பொருளுக்குப் பணம் கட்டுபவர்கள் உண்டு. அது வீண் செலவு. ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிளைச் செருகினால் போன் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும். பூட்டைத் திறந்து, திரையில் File transfer என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கோப்புகளைக் காட்டும். ஆகவே நமக்குத் தேவை, போனிடம் கடவு எண்ணைச் சொல்ல ஒரு மாற்று வழி.

சில்லையே கழற்றிப் படித்துவிட முடியாதா என்று கேட்கலாம். பழைய போன்களில் அது நடந்தது. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த போன்கள் முதல் தரவைக் குறியாக்கம் செய்து வைப்பது கட்டாயம். அதைத் திறக்கும் சாவி, உங்கள் கடவு எண்ணும் அந்த போனின் வன்பொருளுக்குள் இருக்கும் ரகசியமும் சேர்ந்தால்தான் உருவாகும். போர்டைவிட்டுப் பிரிந்த சில்லில் கிடைப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். திரை உடைந்த போனை அணைக்கவோ ரீஸ்டார்ட் செய்யவோ கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: மறுபடி இயங்கத் தொடங்கியதும் முதல் முறை கடவு எண் கொடுத்தே தீர வேண்டும், கைரேகையை ஏற்காது.

படம் தெரிகிறது, தொட்டால் மட்டும் அசையவில்லை என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். சிறிய விலைக்குக் கிடைக்கும் ஓடிஜி அடாப்டரில் கணினி மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி தோன்றும். இடது பொத்தானை அழுத்தியபடி மேலே இழுத்துப் பூட்டுத் திரையைத் திறக்கலாம். பேட்டர்ன் பூட்டைக்கூட அப்படியே வரையலாம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். போனில் இருப்பது ஒரே துளை. மவுஸைக் கழற்றிக் கணினிக் கேபிளைச் செருகினால் File transfer என்பதை அழுத்த வழியில்லை. அதனால் கணினியை மறந்துவிட்டு, ஓடிஜியில் ஒரு சிறிய யுஎஸ்பி ஹப்பை மாட்டி, மவுஸையும் பென்டிரைவையும் சேர்த்துச் செருக வேண்டும். கோப்பு மேலாளரில் DCIM ஃபோல்டரைப் பென்டிரைவுக்கு நகலெடுத்தால் கேமரா படங்கள் வந்துவிடும். வாட்ஸ்அப் படங்கள் தனியாக Android/media/com.whatsapp என்ற இடத்தில் இருக்கும். அதை விட்டுவிடக் கூடாது. தொடர்புகள் செயலியில் Export கொடுத்தால் எல்லா எண்களும் .vcf என்று முடியும் ஒரே கோப்பாகிவிடும். சில நிறுவனங்களின் போன்களில் அமைப்புகளுக்குள் போய் ஓடிஜியை இயக்கினால்தான் மவுஸ் வேலை செய்யும். தொடுதிரை போன பிறகு அதை இயக்க முடியாது.

திரை முழுவதும் இருண்டிருந்தால் மவுஸ் உதவாது. யுஎஸ்பி கீபோர்டைச் செருகிக் கடவு எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பூட்டைத் திறக்கலாம், ஆனால் அதற்கு மேல் பார்வை வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்8, ஐபோன் 15 போன்றவை டைப்-சி துளை வழியே டிவிக்குப் படம் அனுப்பும். விலை குறைந்த பெரும்பாலான போன்களில் அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு டிஸ்ப்ளேயை மாற்றுவதே வழி. போனின் மதிப்பைவிட டிஸ்ப்ளே செலவு அதிகம் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் நிரந்தரமாக ஒட்ட வேண்டியதில்லை. கடையில் அதே மாடலின் பழைய டிஸ்ப்ளே இருந்தால் தற்காலிகமாகச் செருகி, படங்களை எடுத்துக்கொண்டு கழற்றிவிடலாம். இதற்குப் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், அதாவது போன் அணைந்துதான் எழும். கைரேகையை நம்பிக் கடவு எண்ணை மறந்தவருக்கு இந்த வழியும் அடைபட்டுவிடும்.

இவ்வளவுக்கும் இறங்குமுன் வேறொரு கணினியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து contacts.google.com, photos.google.com இரண்டையும் பாருங்கள். எண்களாவது பலருக்கு அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காமல் கடைக்குப் போக நேர்ந்தால், போனைக் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள்: டிஸ்ப்ளே மட்டும் மாற்றுங்கள், சாஃப்ட்வேர் போடவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ரீசெட் செய்தால் குறியாக்கத்தைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். அதன்பின் யாராலும் அந்தப் படங்களைத் திறக்க முடியாது.