தேடிப் போகும் வழியில் தோற்கும் லிங்க்டு லிஸ்ட்

பொறியியல் கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஏறுவரிசையில் இருக்கும் எண்களுக்கு நடுவே புதிதாக ஓர் எண்ணைச் செருக வேண்டும். அர்ரே நல்லதா, லிங்க்டு லிஸ்ட் நல்லதா? பெரும்பாலும் லிங்க்டு லிஸ்ட் என்றுதான் பதில் வரும். காரணமும் கையோடு வரும். அர்ரேயில் எண்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒன்றைச் செருகினால் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் நகர வேண்டும். லிங்க்டு லிஸ்ட்டில் ஒவ்வொரு எண்ணும் தனித்தனி நோடு. அடுத்த நோடு மெமரியில் எங்கே இருக்கிறது என்ற முகவரியை ஒவ்வொரு நோடும் தன்னிடமே வைத்திருக்கும். நாலைந்து முகவரிகளை மாற்றி எழுதினால் புதிய எண் உள்ளே வந்துவிடும், யாரும் நகர வேண்டாம்.

சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 2012-இல் ஒரு மாநாட்டு மேடையில் இதே கேள்வியைத்தான் போட்டார். கண்டபடி வரும் எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, வரிசை கெடாமல் உரிய இடத்தில் செருகு. பிறகு ஏதோ ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே இருப்பதை நீக்கு. எல்லாம் தீரும்வரை நீக்கிக்கொண்டே இரு. எத்தனை எண்களுக்கு மேல் போனால் லிங்க்டு லிஸ்ட் முந்தும்? அவர் காட்டிய வரைபடம் சில லட்சம் எண்கள்வரை நீண்டது. அதில் லிஸ்ட் எங்கும் முந்தவில்லை. எண்ணிக்கை கூடக்கூட இன்னும் பின்தங்கியது.

பிக்-ஓ கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. எண்ணிக்கை பெருகும்போது வேலை எந்த வேகத்தில் பெருகும் என்பதை மட்டும் சொல்கிற கணக்கு அது. அர்ரேயில் தேடுவதும் நகர்த்துவதும் சேர்ந்து O(n). லிஸ்ட்டில் செருகுவது O(1) என்றாலும் செருக வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முதல் நோடிலிருந்து நடந்தே போக வேண்டும், அது O(n). பாடப் புத்தகங்கள் செருகுவதைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, நடந்து போவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. சரி, இரண்டுமே O(n) என்றால் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஓர் அடி எடுத்து வைக்க ஆகும் நேரத்திலிருந்து வருகிறது. எல்லா அடிக்கும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டுதான் பிக்-ஓ தொடங்குகிறது.

இன்றைய பிராசஸரில் அந்த விலை நூறு மடங்குவரை மாறும். 4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு ஒரு துடிப்பு கால் நானோவினாடி. கேட்ட தகவல் பக்கத்திலேயே இருக்கும் எல்-1 கேஷில் கிடைத்தால் நாலைந்து துடிப்பு போதும். அடுத்த நிலையான எல்-2 கேஷ் என்றால் சுமார் பதினைந்து, எல்-3 என்றால் நாற்பதுக்கு மேல். அங்கும் இல்லையென்றால் ரேம் வரை போக வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட 100 நானோவினாடி, அதாவது நானூறு துடிப்பு. கேஷ் மிகச் சிறியது. எல்-1 பெரும்பாலும் 32 அல்லது 48 கிலோபைட்தான்.

கேஷுக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஒற்றை எண்ணாக எதையும் வாங்கி வராது. இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் 64 பைட் கொண்ட ஒரு துண்டாகத்தான் கொண்டுவரும். இதற்குக் கேஷ் லைன் என்று பெயர். நான்கு பைட் எண்கள் அர்ரேயில் இருந்தால் ஒரு லைனில் பதினாறு எண்கள் வந்துவிடும். முதல் எண்ணுக்குத்தான் காத்திருப்பு. மீதிப் பதினைந்தும் இலவசம்.

லிஸ்ட்டின் கதையைப் பார்க்கலாம். முன்னும் பின்னும் போகக்கூடிய லிஸ்ட்டின் ஒரு நோடு இது:

```c
struct node {
    int value;
    struct node *prev, *next;
};
```

எண்ணுக்கு 4 பைட். 64-பிட் கணினியில் இரண்டு முகவரிகளுக்கு 16 பைட். முகவரி எட்டின் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் வெறுமனே விடப்படும் இடம் 4 பைட். ஆக 24. லினக்ஸில் `malloc` தன் கணக்குக்காக இன்னொரு 8 பைட் எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய 4 பைட்டுக்காக 32 பைட் செலவு. இரண்டு நோடு ஒரே லைனில் அக்கம்பக்கமாக அமைந்தால்கூடப் பதினாறு எண்கள் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வரும். அந்த அக்கம்பக்கமும் நிச்சயமில்லை.

இடம் வீணாவதைவிடப் பெரிய பாதிப்பு வேறொன்று. கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் வரிசையாக வீடுகள் என்றால் நாலு பேர் பிரிந்து ஒரே நேரத்தில் நாலு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அடுத்த வீட்டின் முகவரி இந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும் என்றால்? அவர் கதவைத் திறக்கும்வரை கூட வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். பிராசஸருக்கும் இதே நிலைதான். ரேமுக்குப் போக வேண்டிய பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க அதற்குத் தெரியும். போகிற போக்கைக் கவனித்து, அடுத்துத் தேவைப்படும் லைன்களைக் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைக்கும் பிரீஃபெட்சர் என்ற பகுதியும் உள்ளே உண்டு. அர்ரேயில் அடுத்த முகவரி கூட்டல் கணக்கில் கிடைத்துவிடுவதால் இரண்டு வித்தையும் பலிக்கும். லிஸ்ட்டில் `p = p->next` என்ற ஒரே வரி எல்லாவற்றையும் முடக்கிவிடுகிறது. இந்த நோடு வந்து சேர்ந்தால்தான் அடுத்த நோடு எங்கே என்றே தெரியும்.

ஸ்ட்ரூஸ்ட்ரப் கேள்விக்கு ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் எண்கள். அர்ரேயிலும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடுகிறோம், இருமத் தேடல் என்ற சலுகைகூட வேண்டாம். தொடக்கத்தில் காலி, முடிவில் லட்சம் என்பதால் சராசரி நீளம் ஐம்பதாயிரம். சரியான இடம் சராசரியாக நடுவில் வரும். எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் 25,000 அடி தேட வேண்டும்.

லிஸ்ட் முழுதாக வளரும்போது 32 லட்சம் பைட். எல்-2 கேஷ் அரை மெகாபைட் உள்ள கணினியில் இது அடங்காது. பெரும்பாலான அடிகள் எல்-3 வரை போய் வரும். அடிக்கு 10 நானோவினாடி என்று வைத்தால் ஓர் எண்ணைச் செருக 250 மைக்ரோவினாடி, லட்சம் எண்களுக்கு 25 வினாடி. முகவரி மாற்றும் நேரம் இதில் கணக்கிலேயே வராது.

அர்ரே முழுதாக வளர்ந்தாலும் 4 லட்சம் பைட்தான். எல்-2-க்குள்ளேயே அடங்கிவிடும், பிரீஃபெட்சரும் துணைக்கு இருக்கிறது. துடிப்புக்கு ஓர் எண் வீதம் ஒப்பிட்டால் தேடலுக்கு 25,000 துடிப்பு. மீதி 25,000 எண்களை, அதாவது ஒரு லட்சம் பைட்டை, ஓரிடம் நகர்த்த வேண்டும். எல்லாரும் பயந்த வேலை இதுதான். ஆனால் `memmove` ஒரே கட்டளையில் 16 அல்லது 32 பைட்டை மொத்தமாக அள்ளி வைக்கும். தாராளமாகக் கணக்கிட்டாலும் பத்தாயிரம் துடிப்பில் முடிந்துவிடும். மொத்தம் 35,000 துடிப்பு, சுமார் 9 மைக்ரோவினாடி. லட்சம் எண்களுக்கு ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அர்ரே தொட்ட எண்களின் எண்ணிக்கை லிஸ்ட்டைப்போல் இரண்டு மடங்கு. இருந்தும் எடுத்துக்கொண்ட நேரம் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

லிங்க்டு லிஸ்ட்டைக் கண்டுபிடித்தவர்கள் மேல் குற்றமில்லை. நியூவெல், ஷா, சைமன் மூவரும் 1950-களின் நடுவில் அதை உருவாக்கியபோது பிராசஸருக்கும் மெமரிக்கும் இடையே கேஷ் என்று எதுவுமே இல்லை. மாரிஸ் வில்க்ஸ் அந்த யோசனையைக் கட்டுரையாக எழுதியது 1965-இல். ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் அதை அறிவித்தது 1968-இல்.

இதை நீங்களே சோதிக்கப் போனால் ஒரு பொறி காத்திருக்கிறது. பத்து லட்சம் நோடுகளைப் புதிதாக, ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கி உடனே கூட்டிப் பாருங்கள். லிஸ்ட் அவ்வளவு மோசமாகத் தெரியாது. புது மெமரியில் `malloc` நோடுகளை அடுத்தடுத்தே வைத்திருக்கும். வெளியில் லிஸ்ட் என்றாலும் உள்ளுக்குள் அது கிட்டத்தட்ட ஓர் அர்ரே. நிஜ மென்பொருளில் நோடுகள் சேர்ந்தும் நீங்கியும் சில மணி நேரம் ஓடிய பிறகு அந்த ஒழுங்கு குலைந்துவிடும். அதே லிஸ்ட்டை முகவரிகளை மட்டும் மாற்றி நன்றாகக் குலுக்கிவிட்டுத் திரும்பக் கூட்டுங்கள். கேஷில் அடங்காத நிலையில் ஒவ்வொரு நோடும் ரேமுக்குப் போய் வரும். மொத்தம் பத்தில் ஒரு வினாடியைத் தொடலாம். அர்ரேக்கு அதே வேலை ஒரு மில்லிவினாடிக்குள் முடியும். லினக்ஸில் இந்தக் காத்திருப்பைக் கண்ணால் பார்க்கலாம்:

```
perf stat -e cycles,instructions,cache-misses ./a.out
```

வெளியீட்டில் `insn per cycle` என்ற எண்ணைப் பாருங்கள். அர்ரேயில் அது ஒன்றுக்கு மேல், பல சமயம் இரண்டு மூன்று என்று நிற்கும். குலுக்கிய லிஸ்ட்டில் பூஜ்யம் புள்ளி ஏதோவாக விழும். பிராசஸர் ஓடுவதாகத்தான் `top` காட்டும், உண்மையில் அது சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

ஜாவாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. `ArrayList<Integer>` எழுதிவிட்டு அர்ரே பயன்படுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அதற்குள் அடுத்தடுத்து இருப்பவை முகவரிகள். எண்கள் வேறெங்கோ தனித்தனி ஆப்ஜெக்ட்டாகக் கிடக்கின்றன. `int[]` என்று எழுதினால்தான் எண்களே பக்கம் பக்கமாக உட்காரும்.

லிங்க்டு லிஸ்ட் எங்கே ஜெயிக்கும்? நடந்து போய்த் தேட வேண்டிய தேவையே இல்லாத இடத்தில். நெடுநாளாகத் தொடாததை முதலில் வெளியேற்றும் எல்ஆர்யு என்ற முறையில், ஹாஷ் டேபிள் நேராக அந்த நோடைக் கையில் கொடுத்துவிடுகிறது. அதைப் பிடுங்கி லிஸ்ட்டின் தலைப்பக்கம் ஒட்டினால் போதும், O(1) என்பது அங்கே முழு உண்மை. லினக்ஸ் கெர்னலிலும் `list_head` என்ற லிஸ்ட் எங்கு திரும்பினாலும் உண்டு. அங்கே முகவரிகள் அந்தந்தப் பொருளின் உள்ளேயே பொதிந்திருக்கின்றன. பொருள் கையில் இருந்தால் லிஸ்ட்டில் அதன் இடமும் கையில் இருக்கிறது. தனி `malloc` செலவும் கிடையாது. ஒவ்வொரு பொருளும் பல நூறு பைட் பெரியதாக இருந்து, அவற்றை நகர்த்துவதே சுமை என்றாலும் லிஸ்ட் பக்கம் தராசு சாயும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. ரஸ்ட் மொழியின் `BTreeMap` முகவரி பிடித்துப் போகும் மரம்தான், ஆனால் ஒரு நோடில் ஒரே சாவியை வைக்காமல் 11 சாவிகள்வரை அடுக்கி வைக்கிறது. ஒருமுறை ரேமுக்குப் போய் வந்தால் அத்தனையும் சேர்ந்து வரும். அந்த நோடுக்குள் அது தேடும் விதம், முதலிலிருந்து ஒவ்வொன்றாக.