ஒரே திரை, இரண்டு கேமரா

ஒரு டிவி, ஒரு கன்சோல், ஆளுக்கொரு கன்ட்ரோலர். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் ‘ஸ்ப்ளிட் ஸ்கிரீன்’ ஆட்டத்தில் ஆளுக்குப் பாதித் திரைதான். அதனால் கன்சோலுக்கும் பெரிய கூடுதல் வேலை இருக்காது என்றுதான் தோன்றும். அப்படியில்லை.

ஆட்டத்தின் உலகம் ஒன்றுதான். எதிரி எங்கே நிற்கிறான், கதவு திறந்திருக்கிறதா என்ற கணக்கெல்லாம் ஒரே தடவைதான் நடக்கும். ஆனால் அந்த உலகைப் பார்க்கும் கேமராக்கள் இரண்டு. எது கண்ணில் படும், எது சுவருக்குப் பின்னால் மறையும் என்று ஒவ்வொரு கேமராவுக்கும் தனியாகச் சலித்தெடுத்து, தெரிகிற பொருள்களை வரையச் சொல்லி கிராபிக்ஸ் சிப்புக்கு உத்தரவு அனுப்ப வேண்டும். நிரப்ப வேண்டிய புள்ளிகள் அதே அளவுதான். அதற்கு முந்தைய ஆயத்த வேலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. நொடிக்கு 60 படம் ஓட, ஒரு படத்துக்குக் கிடைப்பதோ சுமார் 16.7 மில்லிநொடி. ‘மரியோ கார்ட் 8’ இதற்கு எளிய வழி கண்டது: இருவர் வரை 60 படம், மூன்றாமவர் சேர்ந்தால் 30.

வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கலாம். நினைவகத்தில் அந்த வித்தை பலிக்காது. ‘பால்டர்ஸ் கேட் 3’ பட்ட பாடு அதுதான். ஒருவர் நகரின் ஒரு மூலையில் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் வேறெங்கோ போய்ச் சண்டை போடலாம். அப்போது இரண்டு இடங்களின் சுவர்களும் முகங்களும் ஒரே சமயத்தில் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி; விலை குறைந்த சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபிதான். இரண்டிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் எதிர்பார்த்ததால், 2023 ஆகஸ்டில் கணினியில் வந்த ஆட்டம் எக்ஸ்பாக்ஸுக்கு வர டிசம்பர் ஆனது. அதுவும் சீரிஸ் எஸ்ஸில் மட்டும் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் இல்லாமல். அந்த வசதி அங்கே வந்து சேர்ந்தது 2025 ஏப்ரலில்.

காசுக் கணக்கும் உண்டு, மறுக்கவில்லை. இருவர் ஆளுக்கொரு வீட்டிலிருந்து இணையத்தில் ஆடினால் பெரும்பாலும் இரண்டு பிரதி விற்கும். ஒரே சோபாவில் உட்கார்ந்தால் ஒன்றுதான். ஆனால் பேராசை மட்டுமே காரணம் என்பது பாதி உண்மை. ஒருவருக்காகவே நினைவகத்தை விளிம்புவரை நிரப்பிச் செதுக்கிய பரந்த உலகத்தில், கடைசியில் இன்னொரு கேமராவைச் செருக இடம் இருக்காது. ‘ஹேலோ இன்ஃபினிட்’ கதைப் பகுதிக்கு ஒரே திரையில் இருவர் ஆடும் வசதி வரும் என்று அறிவித்தார்கள். 2022-இல் அதைக் கைவிட்டார்கள்.

முதல் நாளிலிருந்தே இருவருக்கென்று திட்டமிட்டால் கதை வேறு. ‘இட் டேக்ஸ் டூ’ (2021) ஆட்டத்தில் யார் எங்கே போகலாம் என்பதை அதை உருவாக்கியவர்களே வரையறுக்கிறார்கள். இருவரும் அநேகமாக ஒரே பகுதிக்குள்தான் சுற்றுவார்கள்.

வாங்கும் முன் ஸ்டீம் கடையில் Shared/Split Screen என்ற குறிப்பைத் தேடுங்கள். Online Co-op என்று மட்டும் இருந்தால் இரண்டாவது கன்ட்ரோலருக்கு வேலையில்லை.