அகரத்தை எங்கே வைப்பது?

மதுரையை அடுத்த மாங்குளம் மலையில் சமணத் துறவியருக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே பொறித்திருந்த எழுத்துகளை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டார். எழுத்து அசோகர் காலத்துப் பிராமியைப் போலவே இருந்தது. ஆனால் அந்த முறைப்படி வாசித்தால் எந்த மொழியோடும் ஒட்டாத சொற்கள் வந்தன. அது தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டும் வரை அந்த வரிகள் பிடிபடவில்லை.

சிக்கல் வடிவத்தில் இல்லை, 'அ' என்ற ஒலியை எழுத்தில் எங்கே வைப்பது என்பதில் இருந்தது. உலக எழுத்துமுறைகள் பிரியும் இடமும் ஏறக்குறைய இதுதான்.

ஆங்கிலம் எழுதும் ரோமன் எழுத்து ஆல்பபெட் வகை. அதில் மெய்க்கு ஓர் எழுத்து, உயிருக்கு ஓர் எழுத்து. இரண்டும் சம மதிப்போடு வரிசையில் நிற்கும். ஜப்பானியரின் ஹிரகானா அசையெழுத்து. 'க', 'கி', 'கு' மூன்றுக்கும் மூன்று தனி வடிவங்கள், அவற்றுள் 'க்' எங்கே என்று தேடினால் கிடைக்காது. மூன்றாம் வகையில் மெய்யெழுத்தே அகரத்தைச் சுமந்துகொண்டு வரும்; வேறு உயிர் வேண்டுமானால் அதன்மேல் குறி சேர்க்க வேண்டும். இந்த வகைக்கு 'அபுகிடா' என்று 1990இல் பெயரிட்டவர் பீட்டர் டேனியல்ஸ். எத்தியோப்பிய எழுத்து வரிசை ஒன்றின் முதல் நான்கு ஒலிகளைச் சேர்த்த பெயர் அது. பிராமியும் அதன் வழிவந்த இந்திய எழுத்துகளும் இந்த வகைதான்.

அசோகரின் பிராகிருதத்துக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தியது. அங்கே சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். தமிழில் அப்படியா? மகன், கல், ஊர், வேள் என்று மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம். அகரம் ஏறாத 'ன்' எழுத வழியில்லாமல் தமிழ் எழுதுவது கடினம்.

'மகன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் ஒரு முறை, வெறும் எழுத்தை மெய்யாக வைத்துக்கொண்டு, அகரத்துக்கு ஒரு கோடு சேர்த்தது. அசோகர் முறையில் அந்தக் கோடு ஆகாரத்துக்கு உரியது. ஆகவே வடக்கத்திப் பழக்கத்தில் படிப்பவருக்கு 'மகன்' என்பது 'மாகான' என்று கேட்கும். ஆகாரத்துக்கும் அதே கோடுதான் என்பதால், எது குறில், எது நெடில் என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். இன்னொரு முறையில் கோடு ஆகாரத்துக்கு மட்டும். அங்கே 'மகன' என்று எழுதியிருக்கும். கடைசி எழுத்து 'ன்' ஆகவும் இருக்கலாம், 'ன' ஆகவும் இருக்கலாம். இந்த முறைகளைப் பிரித்து விளக்கியவர் ஐராவதம் மகாதேவன்.

மூன்றாவது தீர்வு, புள்ளி. அகரம் வேண்டாத இடத்தில் தலைமேல் ஒரு பொட்டு வைத்தால் போதும், ஐயம் தீர்ந்தது. தொல்காப்பியம் மெய்யின் இயல்பாகவே புள்ளியைச் சொல்கிறது, குறில் எகர ஒகரங்களுக்கும் அதை விதிக்கிறது. வடமொழி எழுத்துகள் மெய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டெழுத்து வளர்த்தபோது, தமிழ் புள்ளியோடு நின்றுகொண்டது. அதனால் நம் அச்சுக்கோப்பவர்கள் பட்ட பாடு கொஞ்சம் குறைவு.

ஆனால் கண்டுபிடித்ததை எல்லாரும் கைக்கொண்டுவிடவில்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். காலும் ரகரமும் ஒரே வடிவம் வேறு. ஓலையில் 'கரடி' என்று இருந்தால் அது காட்டு விலங்கா, புளித்த காடியா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கெடு, கேடு வேறுபாடும் தெரியாது. எகர ஏகாரங்களுக்கு இன்றைய வேறுபாட்டைத் தந்தவராக 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சொல்வது மரபு.

அப்படியானால் தமிழ் எந்த வகை? வடிவத்தைப் பார்த்தால் அபுகிடா என்பதில் ஐயமில்லை. இலக்கணமோ ஆல்பபெட்காரரைப் போலச் சிந்திக்கிறது. அதற்கு 'க்' தான் அடிப்படை, அதில் 'அ' ஏறி 'க' பிறக்கிறது. பள்ளிக்கூடத்து அட்டை 216 உயிர்மெய்களையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டு அசையெழுத்தாகக் கற்பிக்கிறது. உகர வரிசைக்கு அந்த அட்டை தேவையும்கூட. கு, சு, து, மு நான்கிலும் 'உ' வெவ்வேறு விதமாக ஒட்டுகிறது. 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களைச் சீர்திருத்தியபோதும் உகரத்தைத் தொடவில்லை.

கணினியின் யூனிகோடு வடிவத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது. அதற்கு 'க' ஒரே குறியீடு, 'க்' என்பது 'க' கூட்டல் புள்ளி, அதாவது இலக்கணத்துக்கு நேர் எதிர். 'தமிழ்' என்று தட்டிவிட்டு அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால், பெரும்பாலான செயலிகளில் 'ழ்' போகாது. புள்ளி மட்டும் போய் 'தமிழ' என்று நிற்கும். எழுத்து எத்தனை என்று நிரலைக் கேட்டால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து என்கும். தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிருக்கு மென்பொருள் எழுதுபவர், இது மூன்று எழுத்து என்று அதற்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டும்.