குட்டி குறைந்தால் எங்கே தேடுவது?

வழக்கமாகப் பத்துக் குட்டி போடும் வெண்பன்றி இந்த ஈத்தில் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறது. பண்ணைக்காரருக்கு முதல் சந்தேகம் தீவனத்தின் மேல் விழும். அடுத்து, பன்றிக்கு வயதாகிவிட்டது என்று கழித்துக்கட்டும் யோசனை வரும். ஆனால் பன்றியின் சினைக்காலம் 114 நாள். எத்தனை குட்டி என்பது பெரும்பாலும் அதன் முதல் மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. பல நேரம், கிடாவோடு சேர்த்துவிட்ட அந்த ஓரிரு நாளிலேயே முடிந்துவிடுகிறது.

சினைப்படாத பெண் பன்றி சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பாலூட்டும் பன்றி அப்படி வருவது அபூர்வம். குட்டிகளைப் பிரித்துவிட்டால் நான்கு முதல் ஏழு நாளுக்குள் வந்துவிடும். முதலில் பிறப்புறுப்பு வீங்கிச் சிவக்கும். பன்றி தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டு அங்குமிங்கும் அலையும், மற்றப் பன்றிகள் மேல் தாவும். பலர் இந்தக் கட்டத்திலேயே கிடாவிடம் கொண்டுபோய்விடுகிறார்கள். அது அவசரம். வீக்கமும் சிவப்பும் பருவம் நெருங்குவதற்கான அறிகுறிகள்தான். உண்மையான பருவம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கலாம்.

பருவம் வந்துவிட்டதா என்பதைப் பன்றியின் முதுகு சொல்லும். பின்பக்கமாகப் போய் விலாவைத் தேய்த்துவிட்டு, இடுப்புக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்த வேண்டும். பருவத்தில் இல்லாத பன்றி கத்திக்கொண்டு நழுவி ஓடும். பருவத்தில் உள்ளது நான்கு காலையும் ஊன்றி, காதை விறைத்துக்கொண்டு, ஆள் முதுகில் உட்கார்ந்தாலும் அசையாமல் நிற்கும். சிவப்பு அப்போது சற்று மங்கத் தொடங்கியிருக்கும். கசியும் நீர் தடித்து, விரலில் ஒட்டினால் நூலாக இழுபடும்.

இந்தச் சோதனையின்போது கிடா எதிரில் இருப்பது முக்கியம். கிடாவின் வாயில் நுரைக்கும் எச்சிலின் வாடையும் அதன் உறுமலும் பன்றியை நிற்க வைக்கின்றன. கிடா இல்லாமல் அழுத்திப் பார்த்தால், பருவத்தில் இருக்கும் இளம் பன்றிகளில் பாதிகூட நிற்காமல் போகலாம். அதற்காகக் கிடாவைப் பக்கத்து அறையிலேயே அடைத்துவைத்தால் காரியம் கெடும். நாள் முழுக்க அந்த வாடைக்குப் பழகிய பன்றி, சோதிக்கும் நேரத்தில் கண்டுகொள்ளாது. கிடாவைத் தள்ளிக் கட்டிவைத்து, காலையும் மாலையும் சோதிக்கும்போது மட்டும் மூக்கோடு மூக்கு உரசும்படி கொண்டுவர வேண்டும்.

பருவம் தெரிந்த பிறகு எப்போது சேர்ப்பது? தாய்ப்பன்றி ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை நாள் பருவத்தில் நிற்கும். சினைமுட்டைகள் வெளிவருவது அந்தக் காலத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு. வெளிவந்த முட்டைக்கு ஆயுள் சில மணி நேரந்தான். விந்தணு சுமார் ஒரு நாள் தாங்கும். ஆனால் உள்ளே போனதும் தயாராக அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே முட்டை வருவதற்கு முன்பே விந்தணு போய்க் காத்திருக்க வேண்டும்.

ஒரு பன்றியிடமிருந்து வியாழக்கிழமை குட்டிகளைப் பிரித்ததாக வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை சோதனையில் நழுவிப் போனது, செவ்வாய் காலை அசையாமல் நிற்கிறது. பருவம் நள்ளிரவு வாக்கில் தொடங்கியது என்று கொண்டால், முட்டைகள் புதன் பிற்பகல் வரும். செவ்வாய் மாலை ஒருமுறை, புதன் காலை ஒருமுறை சேர்த்தால் இரண்டுமே முட்டைக்கு முந்திய 24 மணி நேரத்துக்குள் அமையும். செவ்வாய் காலை பார்த்தவுடன் சேர்த்து அத்தோடு விட்டால், முட்டை வரும்போது விந்தணுக்களில் பெரும்பகுதி செத்திருக்கும். வியாழக்கிழமை என்றால் முட்டைகளே பழசாகிவிடும்.

எல்லாப் பன்றிக்கும் இதே கணக்கு ஒத்துவராது. குட்டி பிரித்து நான்காம் நாளே பருவத்துக்கு வருவது நீண்ட நேரம் நிற்கும். ஏழாம் நாளோ அதற்குப் பிறகோ வருவதற்குப் பருவம் குறுகியது, முட்டையும் சீக்கிரம் வந்துவிடும். இளம் பன்றிகளும் அப்படித்தான். இந்த இரண்டு வகையையும் கண்ட வேளையிலேயே சேர்த்து, 12 மணி நேரம் கழித்து மறுபடி சேர்ப்பது நல்லது. தினம் ஒருமுறை மட்டும் சோதிக்கும் பண்ணையில் பருவம் தொடங்கிய நேரமே ஒரு நாள் வரை பிசகிப்போவதால், எந்தக் கணக்கும் நிற்காது.

நேரம் சரியாக இருந்தாலும் இழப்பு உண்டு. ஒரு பருவத்தில் 20 முட்டை வருகிறது என்றால் பெரும்பாலானவை கருவாகும். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை முதல் மாதத்துக்குள் அழிந்து உடலிலேயே கரைந்துவிடும். வெளியே எந்தத் தடயமும் இருக்காது. பன்னிரண்டாம் நாள் வாக்கில் கருப்பையில் குறைந்தது நான்கைந்து கருவாவது இருந்தால்தான் தாயின் உடல் சினையை ஏற்றுத் தக்கவைக்கும். அதற்கும் குறைந்தால் பன்றி 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும்.

இதை வைத்தே காரணத்தைத் துப்பறியலாம். சேர்த்த 18 முதல் 24 நாளுக்குள் பல பன்றிகள் திரும்பப் பருவத்துக்கு வந்தால், சேர்த்த நேரத்தையோ கிடாவையோ பார்க்க வேண்டும். 25 நாளைத் தாண்டித் திரும்பினால், சினை பிடித்து அப்புறம் கலைந்திருக்கிறது. இரண்டு மூன்று குட்டி மட்டும் பிறந்தால், பன்னிரண்டாம் நாளில் அதைவிட அதிகம் இருந்து பிறகு செத்திருக்க வாய்ப்பு அதிகம். குட்டிகளோடு விரல் நீளத்திலிருந்து கை நீளம் வரை கறுத்துக் காய்ந்த கருக்களும் விழுந்தால் பார்வோ வைரஸைச் சந்தேகிக்கலாம். இளம் பன்றிகளுக்கே இதில் ஆபத்து அதிகம். சேர்ப்பதற்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்; சினையான பிறகு போட்டு அந்த ஈத்தைக் காப்பாற்ற முடியாது.

இரண்டாம் ஈத்தில் மட்டும் எண்ணிக்கை சரிகிறதா? முதல் ஈத்தில் பன்றி இன்னும் வளர்ந்துகொண்டே பாலும் கொடுக்கிறது. தின்பது போதாமல் முதுகெலும்பு தெரிய இளைத்த நிலையில் பிரித்து உடனே சேர்த்தால், முட்டைகளும் குறையும், கருக்களும் அதிகம் கரையும். அப்படி மெலிந்ததை அந்தப் பருவத்தில் விட்டு, 21 நாள் நன்றாகத் தீனி போட்டு அடுத்த பருவத்தில் சேர்க்கிறவர்கள் உண்டு. செலவு மூன்று வாரத் தீவனம். அதை ஓரிரு குட்டி கூடுதலாகக் கிடைப்பதோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

தமிழ்நாட்டு வெயிலின் கணக்கு இன்னும் சுற்றிவளைந்தது. கிடாவின் உடலில் ஒரு விந்தணு உருவாகி முதிர ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். மே மாதச் சூட்டில் கெட்ட விந்து ஜூனிலும் வந்துகொண்டிருக்கும். கிடா பார்க்கத் தெம்பாகத்தான் இருக்கும். ஜூன் 10-ல் சேர்த்த பன்றி அக்டோபர் 2 வாக்கில் ஈனும். மழை தொடங்கும் நேரத்தில் குறையும் குட்டிகளுக்குக் காரணத்தை அந்த மாதத் தீவனத்தில் தேடினால் கிடைக்காது. கோடையில் கிடா அறையின் கூரைமேல் ஓலை வேய்ந்து, நண்பகலில் தண்ணீர் தெளித்து, விடிகாலையில் மட்டும் சேர்த்துப் பார்க்கலாம். எந்தக் கிடா, எந்தத் தேதி, எந்த வேளை என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தால், அக்டோபரில் ஒரே கிடாவின் குட்டிகள் மட்டும் குறைந்தனவா, எல்லாமே குறைந்தனவா என்பது தெரிந்துவிடும்.