கடைசிச் சொல்லில்தான் திரை விலகுகிறது

பள்ளி ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் ‘5.50 பொன்னாடை, 5.55 வரவேற்பு நடனம்’ என்று இரண்டே வரிகள் இருக்கும். அவ்விரண்டு வரிகளுக்கும் நடுவில் விருந்தினர்கள் மேடையிலிருந்து இறங்க வேண்டும், ஆறு நாற்காலிகளும் குத்துவிளக்கும் அகல வேண்டும், ஆடும் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். தொகுப்பாளர் கையிலோ ‘அடுத்து வரவேற்பு நடனம்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அதைச் சொல்ல ஐந்து நொடி போதும். மீதி நேரம் முழுக்க அரங்கம் மூடிய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

விழாக்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் தொய்கின்றன. தொகுப்புரையைக் கியூ தாளாக மாற்றும்போது முதலில் கவனிக்க வேண்டியதும் இந்த இடங்களைத்தான்.

ஒத்திகையில் நாற்காலிகளை உண்மையாகவே எடுக்கச் சொல்லி, கைபேசியில் நேரம் பாருங்கள். 2 நிமிடம் 10 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மேடையில் நிதானமாகப் பேசும் ஒருவர் நிமிடத்துக்கு 90 சொற்கள் பேசுவதாகக் கொண்டால், இந்த இடத்துக்கு ஏறக்குறைய 195 சொற்கள் வேண்டும். வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் உங்கள் தொகுப்பாளரையே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி அளந்துகொள்வது நல்லது.

அந்த 195 சொற்களையும் ஒரே பத்தியாக எழுதிவிடக் கூடாது. விழா நாளன்று நாற்காலிகள் ஒன்றரை நிமிடத்திலேயே அகன்றுவிடலாம், மூன்று நிமிடமும் இழுக்கலாம். அதனால் இணைப்புரையை மூன்றாகப் பிரிப்பார்கள். விருந்தினர்களை முன்வரிசைக்கு அழைப்பதும் நடனத்தைப் பற்றிய அறிமுகமும் கட்டாயப் பகுதி. அதற்கு ஒரு நிமிடம். பிறகு தேவைப்பட்டால் சொல்லவும், தேவையில்லாவிட்டால் விடவும் கூடிய அரை நிமிடத் துண்டுகள் இரண்டு. அதற்கு மேலும் இழுத்தால் எடுக்க இன்னொரு துண்டைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம். கடைசியில், எது எப்படிப் போனாலும் மாறாத ஒரே வரி.

தொகுப்பாளர்களை நிலா, கதிர் என்று வைத்துக்கொண்டால், தாளில் இப்படி இருக்கும்:

5.52.00 – நிலா (போடியம் மைக்) – கட்டாயப் பகுதி, 60 நொடி. [மேடை: நாற்காலி, விளக்கு அகற்றம்]
5.53.00 – கதிர் (கையடக்க மைக்) – துண்டு 1, 30 நொடி. [ஒலி, ஒளி: தயார்]
5.53.30 – நிலா – துண்டு 2, 30 நொடி. [மேடைப் பொறுப்பாளர் கை காட்டினால் நிறுத்து]
5.54.00 – கதிர் – “இதோ, நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கும்மி!” [கியூ: ‘கும்மி’. மைக் அணைப்பு, திரை விலகல், இரண்டு நொடி கழித்துப் பாட்டு]

திரையை இழுப்பவருக்கும் பாட்டு போடுபவருக்கும் கட்டளை ‘கும்மி’ என்ற சொல்தான். 5.54 என்பது விழா எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டுமே. கடிகாரத்தைப் பார்த்துத் திரையை விலக்கினால், நாற்காலி தூக்குபவர் நடுமேடையில் மாட்டிக்கொள்வார். அதேபோல, கியூச் சொல் அந்த இணைப்புரையில் அதற்கு முன் எங்குமே வரக் கூடாது. துண்டு 1-இல் “கும்மி நம் மண்ணின் கலை” என்று கதிர் பேசினால், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவர் அங்கேயே பாட்டைத் தட்டிவிடுவார். அறிமுகத்தில் ‘நடனம்’ என்றே சொல்லிப்போகலாம்.

எழுதி வைக்காமல் பேசும் சிறப்பு விருந்தினருக்குக் கியூச் சொல் வைக்க முடியாது. ‘இறுதியாக’ என்று சொன்ன பிறகும் பத்து நிமிடம் பேசுபவர்கள் உண்டு. அவர் மைக்கை விட்டு நகர்வதையே கியூவாக எழுதுங்கள். பாட்டு விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடி என்று அரசே வரையறுத்திருக்கிறது. தேசிய கீதத்துக்கு ஏறத்தாழ 52 நொடி. இரண்டுக்கும் எழுந்து நிற்கவும் உட்காரவும் ஆகும் நேரத்தைக் கூட்டிக்கொண்டால் போதும்.

மேடைக் குறிப்பைப் பேசும் வரியோடு கலந்து அடிக்காதீர்கள். பதற்றத்தில் இருக்கும் மாணவர் ‘திரை விலகல்’ என்பதையும் சேர்த்து வாசித்துவிடுவார். பேசுவதைப் பெரிய எழுத்திலும், குறிப்பைச் சதுர அடைப்புக்குள் சாய்வெழுத்திலும் வையுங்கள். எந்த வாக்கியமும் பக்கம் தாண்டி முறியக் கூடாது.

விழா அன்று மாலையில் ஒரு விருந்தினர் வரவில்லை என்று தெரிந்தால், தொகுப்பாளரின் பிரதியில் மட்டும் அடித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒலி, ஒளி, திரை, மேடைப் பொறுப்பாளர் ஆகிய எல்லோருடைய தாளிலும் அதே இடத்தில் அதே பேனா ஓடியிருக்க வேண்டும்.